125 பாகைக்கு 55 என்று எழுதுகிறாள்: பாகைமானியில் எந்த வரிசையைப் படிப்பது?

வெள்ளவத்தை அம்மா

வணக்கம். மகள் தரம் 7. கோணங்களை அளக்கும் பயிற்சித்தாள் ஒன்று நேற்றுத் திருத்தப்பட்டு வந்தது. ஆறு கோணங்களில் நான்கு பிழை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவசரப்பட்டு அளக்கிற பிள்ளை இல்லை. பாகைமானியை மெதுவாக வைத்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்க்கிறாள். ஆனாலும் விடை எங்கேயோ போகிறது.

சரியான விடைகள்: 35, 125, 62, 148, 90, 74.
அவள் எழுதியவை: 35, 55, 58, 32, 90, 106.

பாகைமானி காலி வீதியில் ஒரு புத்தகக் கடையில் வாங்கிய சாதாரண கணிதப் பெட்டியோடு வந்தது. வேறு நல்லதாக வாங்கிக் கொடுக்க வேண்டுமா? இல்லை, அவளுக்குக் கோணம் என்றால் என்னவென்றே விளங்கவில்லையா? யாராவது சொல்லுங்கள்.

---

பம்பலப்பிட்டி அப்பா

அக்கா, பயிற்சித்தாள் போட்டோக்கொப்பியா? அப்படியென்றால் பிழை அங்கேதான். இரண்டு பக்கத்தை ஒரு தாளுக்குள் அடக்குவதற்காகச் சிறிதாக்கிக் கொப்பி எடுத்திருப்பார்கள். படம் சுருங்கினால் கோணமும் சுருங்கிவிடும். ஆசிரியர் மூலப் புத்தகத்தில் இருக்கிற விடையை வைத்துத் திருத்தியிருப்பார். என் மகனுக்கு விஞ்ஞானப் பாடத்தில் நீளம் அளக்கும் கேள்வி ஒன்றில் இப்படி நடந்தது.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

நீளத்துக்கு நீங்கள் சொல்வது சரி. கோணத்துக்குச் சரியில்லை. தாளை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருக்கினால் புயங்கள் குட்டையாகும்; அவற்றுக்கு இடையிலான திருப்பம் அப்படியே இருக்கும். கோணம் மாற வேண்டுமானால் படம் ஒரு பக்கமாக மட்டும் இழுபட வேண்டும். தொலைபேசியைச் சரித்துப் பிடித்து எடுத்த படத்தை அச்சிட்டால் அது நடக்கும். கொப்பி இயந்திரத்தின் கண்ணாடியில் தட்டையாக வைத்து எடுத்த தாளில் நடக்காது.

இனி அம்மாவின் கேள்வி. பாகைமானியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, முதலில் எண்களைப் பாருங்கள். பிழையான விடை ஒவ்வொன்றையும் சரியான விடையோடு கூட்டுங்கள். இரண்டாவது, 125-உம் 55-உம் 180. நான்காவது, 148-உம் 32-உம் 180. ஆறாவது, 74-உம் 106-உம் 180. மூன்று இடத்திலும் சரியாக 180 வருகிறது. கை நடுங்கியோ மையம் விலகியோ பிழைத்திருந்தால் இப்படி ஒரு பாகைகூடப் பிசகாமல் வரவே வராது. ஆகவே உங்கள் மகள் மையத்தை உச்சியில் சரியாக வைக்கிறாள், பூச்சியக் கோட்டைப் புயத்தோடு சரியாகப் பொருத்துகிறாள், மற்றப் புயம் வெட்டுகிற கோட்டையும் சரியாகக் காண்கிறாள். அந்தக் கோட்டில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள் இருக்கின்றன அல்லவா? அதில் மற்றதை எழுதிவிடுகிறாள். புதுப் பாகைமானி வாங்கினாலும் இதே விடைதான் வரும்.

மூன்றாவது கேள்வி வேறு வகை. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போது ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: அந்த 2, 4, 6 ஆகிய மூன்றிலும் கிடையாக இருக்கிற புயம், உச்சியிலிருந்து எந்தப் பக்கம் போகிறது?

---

வெள்ளவத்தை அம்மா

தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் இடது பக்கம் போகிறது! சரியாக எழுதிய 35-இலும் 90-இலும் வலது பக்கம் போகிறது. மகளிடம் கேட்டேன். "உள்ளே இருக்கிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும்" என்கிறாள். வகுப்பில் பலகையில் செய்துகாட்டிய உதாரணங்கள் எல்லாம் வலது பக்கம் போனவையாம்.

---

தரம் 10 மாணவன்

அன்ரி, இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. புயம் வலது பக்கம் போனால் உள் வரிசை, இடது பக்கம் போனால் வெளி வரிசை. எங்களுக்கு இப்படித்தான் சொல்லித்தந்தார்கள். நான் இதுவரை பிழைத்ததில்லை.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

தம்பி, உங்கள் கையில் இருக்கும் பாகைமானிக்கு அது சரி. கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் உள் வரிசை வலப்பக்கத்துப் பூச்சியத்தில் தொடங்கி இடப்பக்கம் ஏறும். வெளி வரிசை இடப்பக்கத்துப் பூச்சியத்தில் தொடங்கி வலப்பக்கம் ஏறும். ஆனால் இதை ஒரு விதியாக மனத்தில் ஏற்றினால் இரண்டு இடத்தில் அடிவாங்குவீர்கள். ஒன்று, வரிசைகள் இடம்மாறி அச்சாகியிருக்கும் பாகைமானி கைக்கு வரும்போது. மற்றது முக்கோணியின் மேல் உச்சி. அங்கே பாகைமானியைத் தலைகீழாகவோ சரிவாகவோ வைக்கிறீர்கள். அப்போது வலது எது, இடது எது? தாளின் வலதா, பாகைமானியின் வலதா?

நான் வகுப்பில் உள், வெளி என்ற சொற்களையே எடுப்பதில்லை. கேட்பது ஒரே கேள்விதான்: உன் புயத்தின் மேல் எந்தப் பூச்சியம் கிடக்கிறது? ஒரு புயத்தைப் பூச்சியக் கோட்டோடு பொருத்திவிட்டால், அந்தப் புயம் விளிம்பைத் தொடுகிற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 0, மற்றது 180. 0 எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசை. பென்சில் நுனியை அந்த 0-இல் வைத்து, 10, 20, 30 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மற்றப் புயம் வரைக்கும் நகர வேண்டும். வரிசை மாறிப் படித்தால் எண்ணிக்கை 180, 170, 160 என்று இறங்கும். பிள்ளையின் காதே அதைப் பிடித்துவிடும்.

இனி மூன்றாவது கேள்வி. சரியான விடை 62, மகள் எழுதியது 58. இரண்டும் 60-க்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. வரிசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். 60 வரைக்கும் சரியாக வந்திருக்கிறாள். அடிமட்டத்தில் எண்கள் இடமிருந்து வலமாகக் கூடும். 60-க்கு இடப்பக்கம் இருப்பது 60-ஐ விடக் குறைவு. அந்தப் பழக்கத்தில், புயம் 60-க்கு இரண்டு சிறு கோடு இடப்பக்கம் நின்றதும் 58 என்று எழுதியிருக்கிறாள். உள் வரிசையோ வலமிருந்து இடமாகக் கூடுகிறது. 60-க்கு அடுத்து 70 எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சிறு கோடுகளை எண்ணத் தொடங்க வேண்டும்.

---

வரைபட அலுவலர், கோட்டை

கட்டட வரைபட வேலையில் இருக்கிறேன். ஆசிரியர் சொன்னதோடு ஒரு சோதனையைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரே கோணத்தை இரண்டு புயத்திலிருந்தும் அளக்கச் சொல்லுங்கள். முதலில் கிடையான புயத்தில் பூச்சியத்தை வைத்து அளக்க வேண்டும். பிறகு பாகைமானியைச் சுழற்றி, மற்றப் புயத்தில் பூச்சியத்தை வைத்து அளக்க வேண்டும். இரண்டு விடையும் ஒன்றாக வர வேண்டும்.

அந்த 125 பாகைக் கோணத்தையே எடுங்கள். இடப்பக்கம் கிடக்கும் புயத்தில் பூச்சியத்தை வைத்து உள் வரிசையைப் படித்தால் 55. சாய்ந்திருக்கும் புயத்துக்குப் பாகைமானியின் வலப்பக்கப் பூச்சியத்தைத் திருப்பி வைத்தால், அதே உள் வரிசையில் 125. எப்போதும் உள் வரிசையையே படிக்கிற பிள்ளைக்கு இப்படி இரண்டு வெவ்வேறு விடை வந்து நிற்கும். எங்கேயோ பிழை என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

---

பம்பலப்பிட்டி அப்பா

இவ்வளவு தேவையா? கண்ணால் பார்த்தாலே விரிகோணமா கூர்ங்கோணமா என்று தெரிகிறதே. 90-ஐ விட விரிந்திருந்தால் பெரிய எண், ஒடுங்கியிருந்தால் சின்ன எண். 125-ஐப் பார்த்து 55 என்று எழுதுகிற பிள்ளை, விடையை எழுதிய பிறகு படத்தைத் திரும்பப் பார்ப்பதில்லை என்றுதான் அர்த்தம்.

---

கொட்டாஞ்சேனை அலுமினியம்

அண்ணா, கண் சொல்வது எப்போதும் போதாது. எங்கள் பட்டறையில் ஜன்னல் சட்டம், சுவர் மூலைக்கு ஓரப்பட்டி எல்லாம் வெட்டுகிறோம். பழைய வீடுகளில் சுவர் மூலை சரியாக 90 இருப்பது அருமை. போன மாதம் ஒரு வீட்டு மூலை 94. வேலை பழகுகிற பையன் பாகைமானியில் 86 என்று குறித்துக்கொண்டு வந்தான். அந்த மூலையைப் பார்த்தால் யாருக்கும் செங்கோணம் மாதிரித்தான் தெரியும். 94-ஆ 86-ஆ என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. மூலையில் இரண்டு பட்டி சந்திக்கிறது. ஒவ்வொன்றின் நுனியும் 47 பாகையில் இருந்தால்தான் 94-ஐ நிரப்பும். 86-ஐ நம்பி 43, 43 என்று வெட்டினால் 8 பாகை வெளித்து நிற்கும். பட்டி வீண்.

இப்போது பையனிடம் சொல்லியிருப்பது: அளக்கும்போது மூலைமட்டத்தையும் கொண்டுபோ. மூலையில் அதை வைத்தால், சுவர் அதைவிட விரிந்திருக்கிறதா ஒடுங்கியிருக்கிறதா என்று தெரியும். பிறகு பாகைமானியைப் படி.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

நல்ல உதாரணம். பயிற்சித்தாளிலும் 85, 95 போன்ற கோணங்களைக் கொடுத்தால்தான் பிள்ளை உண்மையில் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறதா, கண்ணை நம்பித் தேர்ந்தெடுக்கிறதா என்று தெரியும். கண்ணால் மதிப்பிடுவதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அளக்க முன்பே மதிப்பிட்டு, தாளின் ஓரத்தில் எழுதிவைக்கட்டும். அது 125-க்கும் 148-க்கும் காவல்.

---

தெஹிவளை டியூஷன்

இதே இழையில் என் கேள்வியையும் கேட்கிறேன், மன்னிக்கவும். வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி சமபக்க முக்கோணி ஒன்றை அளந்தாள். 56, 57, 56. கூட்டினால் 169. முக்கோணியைக் கவராயத்தால் நான்தான் வரைந்தேன். பக்கங்கள் மூன்றும் சமம். வரிசையும் பிழையில்லை, ஏனென்றால் மாறிப் படித்திருந்தால் 120-க்குக் கிட்டப் போயிருக்கும். பாகைமானிதான் பழுது என்று நினைத்து மூலைமட்டத்தின் செங்கோணத்தை அளக்கச் சொன்னேன். அச்சொட்டாக 90 காட்டுகிறது! 90 சரியாக வருகிற பாகைமானி 60-ஐ மட்டும் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

பாகைமானியின் அடியைப் பாருங்கள். பூச்சியக் கோடு பிளாஸ்ரிக்கின் கீழ் விளிம்பிலேயே இருக்கிறதா, அல்லது அதற்குச் சற்று மேலேயா? பெரும்பாலானவற்றில் மேலே இருக்கும்; கீழே ஒரு வெறும் பட்டி விட்டிருப்பார்கள். உங்கள் மாணவி முக்கோணியின் பக்கத்தை அந்தக் கீழ் விளிம்போடு வைத்து அளக்கிறாள் என்று நினைக்கிறேன்.

---

தெஹிவளை டியூஷன்

அப்படியேதான்! அடிமட்டத்தை வைப்பதுபோல விளிம்பை ஒட்டி வைக்கிறாள். பூச்சியக் கோடு விளிம்புக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் மேலே. ஆனால் 90 எப்படிச் சரியாக வந்தது?

---

வரைபட அலுவலர், கோட்டை

இதை நான் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வேலைக்கு வருபவர்களிடமும் பார்த்திருக்கிறேன். விளிம்பில் வைத்தால் கோணத்தின் உச்சி, பாகைமானியின் மையத்துக்கு நேர் கீழே 5 மில்லிமீற்றர் தள்ளிக் கிடக்கும். 90 பாகைப் புயம் அங்கிருந்து நேர் மேலே போகிறது. போகிற வழியில் மையத்தையே கடந்து போகிறது. அதனால் 90-இல் எந்தப் பிழையும் தெரியாது. சாய்ந்த புயம் மையத்தின் ஊடாகப் போகாது, அதற்குப் பக்கத்தால் போகும். விளிம்பில் தாழ்வான இடத்தைத்தான் தொடும். மையத்திலிருந்து எண்கள் 40 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும் பாகைமானியில் 60 பாகைக் கோணம் 56-க்கும் 57-க்கும் நடுவில் காட்டும். உங்கள் மாணவிக்கு வந்தது அதுதான். 30 பாகையை அளந்தால் 24-க்குக் கிட்ட இறங்கிவிடும். விரிகோணத்தில் எதிர்ப்பக்கம் போகும்: 120 பாகை 123-ஐத் தாண்டிக் காட்டும்.

ஆகவே மூலைமட்டத்தின் செங்கோணத்தை வைத்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதே மூலைமட்டத்தின் 30 பாகை மூலையை அளந்து பாருங்கள், உடனே தெரியும். நான் மேலே சொன்ன இரண்டு புயச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு தடவையும் ஒரே பிழை, ஒரே விடை.

---

தரம் 10 மாணவன்

என் பாகைமானியில் மையத்தில் சின்ன ஓட்டை இருக்கிறது. அதற்குள் உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளப்பேன். அப்படிச் செய்தால் விளிம்பு எங்கே இருந்தால் என்ன?

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

சரியான பழக்கம். முதலில் மையம், பிறகு மையத்தை அசைக்காமல் சுழற்றிப் பூச்சியக் கோடு. இந்த ஒழுங்கில் செய்தால் விளிம்பைப் பற்றிய நினைப்பே வராது. எண்கள் அச்சான பக்கம் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். தடித்த பிளாஸ்ரிக்கின் மேல்பக்கம் அச்சாகியிருந்தால், தலையைச் சரித்துப் பார்க்கும்போது ஒரு பாகை அளவுக்கு நகர்ந்து தெரியும். நேர் மேலிருந்து பார்க்க வேண்டும்.

---

வெள்ளவத்தை அம்மா

எல்லாருக்கும் நன்றி. இன்று பின்னேரம் மகளோடு உட்கார்ந்தேன். பூச்சியத்தில் பென்சிலை வைத்து 10, 20, 30 என்று எண்ணிக்கொண்டு போகச் சொன்னேன். 125, 148, 74 மூன்றும் சரியாக வந்தன. மூன்றாவதற்கு 63 என்றாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். சில கோணங்களின் புயம் குட்டையாக இருக்கிறது. பாகைமானியின் எண்கள் வரைக்கும் எட்டவில்லை. அவள் கண்ணாலேயே நீட்டிப் பார்க்கிறாள். அடிமட்டத்தால் கோட்டை நீட்டலாம் என்றால், "நீட்டினால் கோணம் பெரிதாகிவிடுமே" என்கிறாள். மற்றது, நாளைக்கு வரைய வேண்டிய வீட்டுவேலை இருக்கிறது: AB என்ற கோட்டில் B என்ற முனையில் 140 பாகை.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

63 பரவாயில்லை, ஒரு பாகை பென்சில் கோட்டின் தடிப்பிலேயே போய்விடும். குட்டைப் புயத்தைத் தாராளமாக நீட்டலாம், நீட்டத்தான் வேண்டும். நீட்டினால் கோணம் பெரிதாகும் என்ற எண்ணத்தை மட்டும் இப்போதே தீர்த்துவிடுங்கள். ஒரு கோணத்தை அளக்கச் சொல்லுங்கள், பிறகு புயங்களை இரண்டு மடங்கு நீட்டி மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். சொல்லி விளங்கவைப்பதை விட இது வேகம். நீட்டும்போது மெல்லிய பென்சிலால், பழைய கோட்டின் முழு நீளத்தோடும் அடிமட்டத்தை ஒட்டி வைத்து நீட்டட்டும். 2 சென்ரிமீற்றர்க் கோட்டை அதன் நுனியை மட்டும் பார்த்து நீட்டினால் திசை விலகிவிடும்.

வரைவதற்கு: B இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா என்று முதலில் பாருங்கள். வழக்கம்போல A இடப்பக்கமும் B வலப்பக்கமும் என்றால், B-யிலிருந்து பார்க்கும்போது புயம் BA இடப்பக்கம் போகிறது. உள் வரிசையிலேயே பழகிய கை இங்கேதான் 140-க்குப் பதிலாக 40-ஐ வரையும். மையம் B-யில், பூச்சியக் கோடு BA-யின் மேல். A பக்கத்துப் பூச்சியத்திலிருந்து எண்ணிக்கொண்டு 140 வரைக்கும் போய், விளிம்பில் கூரான பென்சிலால் ஒரு புள்ளி. பாகைமானியை எடுத்துவிட்டு B-யையும் புள்ளியையும் இணைக்கலாம்.

அந்தப் புள்ளியில் கவனம் வேண்டும். 40 மில்லிமீற்றர் ஆரையில் புள்ளி ஒரு மில்லிமீற்றர் விலகினால் கோணம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை விலகும். மொட்டைப் பென்சிலால் வைத்த புள்ளியின் அகலமே அவ்வளவு வந்துவிடும்.

---

தெஹிவளை டியூஷன்

வரிசைக் குழப்பத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். தொடக்கத்தில் பாகைமானியின் ஒரு வரிசையை நிறக் கடதாசியால் ஒட்டி மறைத்துவிடுவேன். ஒரே வரிசைதான் தெரியும். பிள்ளை தாளைத் திருப்பி, எப்போதும் அந்தப் பூச்சியம் புயத்தில் வரும்படி வைக்கப் பழகும். சில வாரத்தில் கடதாசியை எடுத்துவிடலாம்.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. கடதாசியை எடுத்த அன்றைக்கு அதே குழப்பம் திரும்ப வரும். அந்த வெள்ளவத்தைப் பிள்ளை உள் வரிசையை மட்டும் பார்த்துப் பழகியதும் ஒருவகையில் இதுதானே. இரண்டு வரிசையும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும்.

---

தெஹிவளை டியூஷன்

ஐயா, வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பிள்ளை தாளைத் திருப்பாமல் உள் வரிசையைப் படித்தது. என்னிடம் படிப்பவர்கள் திருப்பத் தெரிந்த பிறகுதான் கடதாசி கழற்றுகிறேன். ஒரே நேரத்தில் மையம், பூச்சியக் கோடு, வரிசை என்று மூன்றையும் கவனிக்கச் சொன்னால் பிந்தங்கிய பிள்ளைகள் மையத்தைக் கோட்டைவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இது பலன் தருகிறது.

---

வரைபட அலுவலர், கோட்டை

தாளைத் திருப்புவது மட்டும் இரண்டு முறைக்கும் பொது. முக்கோணியின் மேல் உச்சியை அளக்கும்போது பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்துக் கவிழ்ந்த எண்களைப் படிக்காமல், தாளைச் சுழற்றி ஒரு புயத்தைத் தன் பக்கம் கிடையாகக் கொண்டுவந்துவிட்டு அளந்தால் 6-உம் 9-உம் மாறாது.

---

வெள்ளவத்தை அம்மா

140 சரியாக வரைந்துவிட்டாள். B வலப்பக்கம்தான் இருந்தது. கடதாசி ஒட்டவில்லை, எண்ணிக்கொண்டே போனாள். கடைசிக் கேள்வி 235 பாகையை வரையச் சொல்கிறது. பாகைமானி 180-இலேயே முடிந்துவிடுகிறதே?

---

தரம் 10 மாணவன்

அன்ரி, அது பின்வளைகோணம். 360-இலிருந்து 235-ஐக் கழித்தால் 125. 125-ஐ வரைந்துவிட்டு, வெளிப்பக்கமாக வில்லைப் போட்டு 235 என்று குறிக்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

அதுவும் சரி. இன்னொரு வழி: புயத்தை உச்சிக்கு அப்பால் பின்னோக்கி நீட்டினால் 180 முடிந்துவிட்டது, மிச்சம் 55. பாகைமானியைக் கவிழ்த்து, நீட்டிய பகுதியில் பூச்சியத்தை வைத்து, திரும்பிவந்த அதே சுற்றில் இன்னும் 55. இங்கே பிள்ளை சுற்றை மாற்றினால் 180-க்கு மேல் போகாமல் திரும்பிவந்து 125 ஆகிவிடும். தம்பி சொன்ன வழியில் வில்லை உள்பக்கம் போட்டால் அதே 125. எந்த வழியென்றாலும் வரைந்த பிறகு, அவள் போட்ட வில் அரைச் சுற்றைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள்.